முதலாம் ஆண்டு பிசியோதெரபி: அனாடமி அட்லஸா, சுருக்கமான பிசியாலஜி கையேடா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இப்போதைக்கு ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்கலாம்?

அட்லஸ். பிசியாலஜியின் பெரும்பகுதியை வகுப்புக் குறிப்பிலிருந்தோ நூலகப் பிரதியிலிருந்தோ வாசித்துக் கையால் எழுதிக்கொள்ளலாம். "மீடியன் நரம்பு இரண்டு தசைகளுக்கு நடுவே ஓடுகிறது" என்ற வரியைப் பத்து முறை எழுதினாலும் அந்த இடம் மனதில் பதியாது. படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் பதியும். அதனால் எப்போதும் மேசையில் கிடக்க வேண்டியது அட்லஸ்.

உங்கள் டிசெக்‌ஷன் ஹாலிலேயே நல்ல அட்லஸ் இருந்து, அதைத் தினமும் அரை மணி நேரம் புரட்ட முடிகிறதென்றால் கணக்கு மாறும். அப்போது கையேட்டை வாங்குங்கள்.

இரண்டிலும் தசை, நரம்பு, இதயம் எல்லாம் இருக்கிறதே. ஒன்றைப் படித்தால் மற்றது எதற்கு?

ஒரே தசையைப் பற்றி இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. எங்கே தொடங்குகிறது, எந்த மூட்டுகளைக் கடக்கிறது, எங்கே முடிகிறது, எந்த நரம்பு எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதெல்லாம் அட்லஸின் வேலை. அந்தத் தசை எந்த நீளத்தில் எவ்வளவு இழுக்கும், ஏன் சோர்கிறது, நரம்பு அறுந்தால் என்ன வேகத்தில் வளர்கிறது என்பது பிசியாலஜி.

அட்லஸ் படம் அசையாதது. உடல் நேராக நிற்கிறது, உள்ளங்கை முன்னோக்கி இருக்கிறது, எல்லாத் தசையும் தளர்ந்திருக்கிறது. பிசியாலஜி வரைபடத்துக்கோ முகவரியே கிடையாது: எந்தத் தசைக்கும் பொருந்துகிற ஒரு வளைகோடு, அவ்வளவுதான். நோயாளி வந்து உட்காரும்போது தேவைப்படுவது அந்த வளைகோடும் ஒரு குறிப்பிட்ட தசையின் முகவரியும் சந்திக்கும் இடம். அதை இரண்டு புத்தகமுமே அச்சிட்டுத் தருவதில்லை.

சும்மா சொன்னால் புரியவில்லை. ஓர் உதாரணம் முழுசாகச் சொல்ல முடியுமா?

மேற்கை எலும்பு நடுவில் முறிந்து, ரேடியல் நரம்பு அடிபட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். மணிக்கட்டு தொங்கிவிட்டது, மேலே தூக்க முடியவில்லை. இதுவரை யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவருடைய புகார் வேறு: "ஒரு பொருளையும் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை." பிடி ஏன் தளர்ந்தது?

அட்லஸை மட்டும் வைத்திருப்பவர் என்ன செய்வார்? ரேடியல் நரம்பின் படத்தைத் திறப்பார். அது மணிக்கட்டையும் விரல்களையும் பின்பக்கம் நிமிர்த்தும் தசைகளுக்குப் போகிறது. விரலை மடக்கும் நீண்ட தசைகள் இரண்டு: மேலடுக்கில் ஃப்ளெக்சர் டிஜிடோரம் சூப்பர்ஃபிஷியாலிஸ், அடியில் புரோஃபண்டஸ். முன்னதுக்கு மீடியன் நரம்பு. பின்னதுக்கு மீடியனும் அல்நாரும் பாதிப் பாதி. இரண்டிலும் ரேடியலுக்கு வேலையே இல்லை. ஆகவே பிடி பாதிக்கக் கூடாது என்று முடிவு கட்டுவார். படித்ததெல்லாம் சரி, முடிவு மட்டும் தப்பு.

கையேட்டை மட்டும் வைத்திருப்பவருக்கு நீளம்–இழுவிசை வரைபடம் தெரியும். சார்கோமியர் நடுத்தர நீளத்தில் இருக்கும்போது ஆக்டின் இழைகளும் மயோசின் இழைகளும் மிகச் சரியாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும், குறுக்குப் பாலங்கள் அதிகம் பிடிக்கும், விசை உச்சம். அதிகம் நீண்டால் படிவு குறையும். அதிகம் சுருங்கினால் எதிரெதிர் முனை ஆக்டின்களே ஒன்றின்மேல் ஒன்று ஏறி வழியை மறிக்கும். இரண்டு பக்கமும் விசை இறங்கும். மிகச் சரி. ஆனால் இந்த நோயாளியின் எந்தத் தசை, எதனால் சுருங்கியது என்பதை அந்த வரைபடம் சொல்லாது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். அட்லஸில் புரோஃபண்டஸ் தசைநாணை விரலால் தொடருங்கள். அல்நா எலும்பின் முன்பக்கத்தில் தொடங்கி, மணிக்கட்டைக் கடந்து, விரலின் மூன்று மூட்டுகளையும் கடந்து, நுனி எலும்பின் அடியில் முடிகிறது. அதாவது ஒரே தசை நான்கு மூட்டுகளைக் கடக்கிறது. இது சுருங்கும்போது விரலை மட்டும் மடக்காது. மணிக்கட்டையும் சேர்த்தே மடக்கும். சாதாரணமாக நாம் எதையாவது பிடிக்கும்போது மணிக்கட்டைப் பின்னால் நிமிர்த்தும் மூன்று தசைகள் கூடவே வேலை செய்து அந்த மடக்கத்தைத் தடுக்கின்றன. அவை மூன்றும் ரேடியல் நரம்பின் பொறுப்பு.

நரம்பு போனதும் தடுப்பும் போய்விட்டது. அவர் பிடிக்க முயலும் கணத்தில் மணிக்கட்டு மடங்கிவிடுகிறது. தசை தன் நீளத்தை மணிக்கட்டிலேயே செலவழித்துவிடுகிறது. விரலுக்கு வரும்போது வளைகோட்டின் இடப்பக்கச் சரிவில் கீழே கிடக்கிறது. தசையும் நரம்பும் நன்றாகவே இருக்கின்றன, நீளம்தான் சரியில்லை. பரீட்சையில் இதற்கு ஆக்டிவ் இன்சஃபிஷியன்சி என்று பெயர்.

இன்னொரு காரணமும் கூடவே வரும். மணிக்கட்டு மடங்கியதும் புறங்கைப் பக்கம் ஓடும் விரல் நிமிர்த்தும் தசைநாண் முழு நீளத்துக்கு இழுபடும். அந்தத் தசைக்கு நரம்பு இல்லை. ஆனால் செயலிழந்த தசையும் இழுத்தால் எதிர்த்து இழுக்கும். கையேட்டில் முக்கால்வாசிப் பேர் தாண்டிப்போகும் இரண்டாவது கோடு, அந்த 'பாசிவ்' கோடு, இதைத்தான் காட்டுகிறது. ஆக ஒரு பக்கம் மடக்கும் தசை வலுவிழந்திருக்க, மறுபக்கம் நிமிர்த்தும் தசைநாண் விரலைத் திறந்து பிடிக்கிறது.

இதை நோயாளி இல்லாமல் சரிபார்க்க வழி உண்டா?

உங்கள் கையே போதும். ஒரு பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரை உங்கள் மணிக்கட்டை மெதுவாக முழுக்க முன்பக்கம் மடக்கச் சொல்லுங்கள். வலி வருமளவுக்கு வேண்டாம். பிடி தானாகத் தளரும். பேனாவை இப்போது லேசாக உருவிவிடலாம்.

அடுத்து, முன்கையை மேசைமேல் வைத்து, முழங்கையின் வெளிப்புற எலும்பு மேட்டுக்குச் சற்றுக் கீழே, முன்கையின் பின்பக்கத்தில் மறு கையின் இரண்டு விரல்களை வையுங்கள். இப்போது முஷ்டியை இறுக்குங்கள். விரலை மடக்குகிறீர்கள், ஆனால் முன்கையின் பின்பக்கம் கல்லாகிறது. அட்லஸில் பெயர் போட்டிருக்கும் மணிக்கட்டு நிமிர்த்திகள் அவைதான். 'முஷ்டி பிடிக்கும் தசைகள்' என்று எந்த அட்லஸ் பக்கத்திலும் இவை குறிக்கப்பட்டிருக்காது.

சிகிச்சையும் இங்கிருந்தே வருகிறது. மணிக்கட்டை 20 முதல் 30 டிகிரி வரை நிமிர்ந்த நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் மாட்டினால், நரம்பு துளிகூட வளராமலேயே, அன்றே பிடி பலப்படும். தசையின் நீளத்தை வளைகோட்டின் மேட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டோம், அவ்வளவே.

அந்த நோயாளிக்கு எப்போது சரியாகும் என்று கேட்டால், எந்தப் புத்தகம் பார்ப்பது?

இங்கேயும் இரண்டும் வேண்டும். நரம்பின் உறை மட்டும் நசுங்கி உள்ளிழை முறியாமலிருந்தால் சில நாளிலோ சில வாரங்களிலோ தானாகத் திரும்பிவிடும். உள்ளிழை முறிந்திருந்தால் அது அடிபட்ட இடத்திலிருந்து மறுபடி வளர்ந்தாக வேண்டும். வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். இது பிசியாலஜி தரும் எண்.

எந்தத் தசை முதலில் விழிக்கும் என்பதை அட்லஸ் தருகிறது. ரேடியல் நரம்பு எலும்பின் பின்னால் சுற்றி வரும் பள்ளத்துக்குள் இறங்குமுன்பே டிரைசெப்ஸுக்கான கிளைகளில் பெரும்பாலானவற்றை விட்டுவிடுகிறது. அதனால்தான் நடு எலும்பு முறிவில் முழங்கை நிமிர்த்தும் பலம் பெரும்பாலும் தப்பிவிடும். பள்ளத்தைத் தாண்டியதும் முதலில் பிராக்கியோரேடியாலிஸ், அடுத்து எக்ஸ்டென்சர் கார்பி ரேடியாலிஸ் லாங்கஸ், பிறகுதான் முன்கைக்குள் விரல் நிமிர்த்திகள்.

முறிவிலிருந்து பிராக்கியோரேடியாலிஸ் வரை அளந்ததில் 8 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். 80 மில்லிமீட்டர், ஆக 80 நாள். வளர்ச்சி தொடங்குவதற்கு முன்னான தாமதத்துக்குச் சில வாரங்கள் கூட்டிக்கொள்ளுங்கள். ஆகவே முதல் மாதத்தில் அந்தத் தசை அசையவில்லை என்பது கெட்ட செய்தி அல்ல. ஐந்தாம் மாதமும் அசையவில்லை என்றால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

இதில் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, அந்தத் தூரத்தை அட்லஸ் படத்தின்மேல் ஸ்கேல் வைத்து அளப்பது. படம் உண்மையான அளவில் இல்லை. கிளைகள் பிரியும் இடமும் ஆளுக்கு ஆள் சற்று மாறும். படத்திலிருந்து எடுக்க வேண்டியது வரிசையை மட்டும். தூரத்தை ஆளின் கையில்தான் அளக்க வேண்டும்.

வரைந்த படங்கள் உள்ள அட்லஸ் நல்லதா, உண்மையான உடலின் போட்டோ உள்ளதா?

முதலாம் ஆண்டுக்கு வரைந்தது. நரம்பு மஞ்சள், தமனி சிவப்பு, சிரை நீலம் என்று பிரித்துக் காட்டுவதால் பாதையைத் தொடர முடியும். பதப்படுத்திய உடலில் எல்லாமே ஏறக்குறைய ஒரே பழுப்பு. போட்டோவும் அப்படித்தான் இருக்கும். ஸ்பாட்டர் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போட்டோ அட்லஸை இரவல் வாங்கிப் பாருங்கள், அப்போது அது பொன்னாக இருக்கும்.

வரைந்த படத்தில் ஏமாறும் இடங்கள் மூன்று. தசைகளுக்கு நடுவே தெரியும் இடைவெளி ஓவியர் விட்டது. உடலில் அவை ஒட்டிக்கொண்டு, உறை போர்த்தி இருக்கும். நிறத்தில் கவனம்: நுரையீரல் தமனியை நீலத்தில் வரைந்திருப்பார்கள், ஏனென்றால் அந்த நிறம் ஆக்சிஜன் அளவைக் குறிக்கிறது. மூன்றாவது, குறுக்குவெட்டுப் படம். வழக்கப்படி அது கால் பக்கத்திலிருந்து மேல்நோக்கிப் பார்ப்பதுபோல் அச்சிடப்படுகிறது. இதைக் கவனிக்காமல் படித்தால் வலமும் இடமும் மாறிப்போகும். பக்கத்தின் ஓரத்தில் 'முன்', 'பின்', 'உள்', 'வெளி' என்று குறியீடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் பென்சிலால் நீங்களே போட்டுவிடுங்கள்.

பிசியோதெரபிக்கென்று வாங்கும்போது உறுப்பு மண்டலவாரியாக அடுக்கிய அட்லஸைவிட உடற்பகுதிவாரியாக அடுக்கியது வசதி. முன்கையின் எலும்பு, தசை, நரம்பு மூன்றும் அடுத்தடுத்த பக்கங்களில் கிடைக்கும். தோலின் மேல் எதைத் தொட்டால் உள்ளே எது இருக்கிறது என்று காட்டும் பக்கங்கள் ஒவ்வொரு பகுதிக்கும் உண்டா என்றும் பாருங்கள். அது இல்லாத அட்லஸை மருத்துவ மாணவர் வேண்டுமானால் சமாளிப்பார், நமக்கு ஆகாது.

சுருக்கக் கையேடுகள் நிறைய இருக்கின்றன. நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கடையில் நின்றபடியே ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள்: நீளம்–இழுவிசை வரைபடம். இரண்டு அச்சுகளிலும் என்ன அளக்கிறோம் என்று எழுதியிருக்கிறதா? தசை தானே இழுக்கும் விசைக்கும், நீட்டினால் எதிர்த்து இழுக்கும் விசைக்கும் தனித்தனிக் கோடு உண்டா? அளந்தபோது தசையின் நீளம் மாறாமல் வைக்கப்பட்டிருந்தது என்ற ஒரு வரி இருக்கிறதா? மூன்றும் இருந்தால் அந்த ஆசிரியர் மற்ற பக்கங்களிலும் சுருக்கியிருக்கிறார், வெட்டியெறியவில்லை என்று நம்பலாம். ஒரு மணி வடிவக் கோடும் நாலு புள்ளிவரிக் குறிப்பும் மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள்.

இந்தப் பக்கத்தில் இன்னொரு சுவையான விஷயம். சார்கோமியர் 2.0 முதல் 2.2 மைக்ரோமீட்டர் வரை இருக்கும்போது விசை உச்சம் என்று பெரும்பாலான கையேடுகள் அச்சிடுகின்றன. அது 1966-இல் கார்டன், ஹக்ஸ்லி, ஜூலியன் மூவரும் தவளையின் ஒற்றைத் தசை இழையில் அளந்தது. மனிதத் தசையில் ஆக்டின் இழை சற்று நீளம். அதனால் உச்சம் 2.6 – 2.8 மைக்ரோமீட்டர் பக்கம் நகர்கிறது. பரீட்சையில் உங்கள் பாடப்புத்தகம் தரும் எண்ணையே எழுதுங்கள். மனதில் மட்டும் அது தவளை என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுருக்கும்போது முதலில் காணாமல் போகும்.

அந்த வரைபடத்தை வைத்து எந்தக் கோணத்தில் தசை பலமாக இருக்கும் என்று நேராகச் சொல்லிவிடலாமா?

முடியாது. வரைபடம் பேசுவது இழுவிசையைப் பற்றி. நாம் நோயாளியிடம் அளப்பது மூட்டைத் திருப்பும் திறனை. அது இழுவிசையையும், தசைநாண் மூட்டின் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்பதையும் பெருக்கினால் வருவது. மூட்டு அசைய அசைய அந்தத் தூரம் மாறிக்கொண்டே இருக்கும்.

பைசெப்ஸைப் பாருங்கள். முழங்கை நேராக இருக்கும்போது தசைநாண் மூட்டை ஒட்டியே ஓடுகிறது. 90 டிகிரிக்கு மடக்கும்போது விலகி நிற்கிறது, நெம்புகோலின் கை நீள்கிறது. அதனால் முழங்கையை நேராக வைத்திருக்கும்போது தசை நீண்டிருந்தும் திருப்புதிறன் குறைவாகவே இருக்கிறது. இந்த விலகலை அட்லஸின் பக்கவாட்டுப் படத்தில்தான் பார்க்க முடியும். இழுவிசைக்குக் கையேடு, நெம்புகோலுக்கு அட்லஸ்.

பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

அட்லஸ் என்றால் தாராளமாக. தசை தொடங்கும் இடம் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. மாறுவது பெயர். 1998-இல் உடற்கூறு பெயர்களின் சர்வதேசப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டது. காலில் 'பெரோனியல்' என்று இருந்தது 'ஃபிபுலார்' ஆனது. ஆசிரியர் ஒரு பெயரைச் சொல்ல, உங்கள் புத்தகத்தின் பொருளடைவில் அது இல்லை என்றால் பழைய பெயரில் தேடுங்கள். முதலாம் ஆண்டு பிசியாலஜியின் அடிப்படையும் பெரிதாக மாறாது. ஆனால் முந்தைய உரிமையாளர் பாதி வரிகளுக்கு மஞ்சள் மார்க்கர் அடித்த கையேட்டை வாங்காதீர்கள். அவருக்கு முக்கியமாகப் பட்டதை மட்டுமே உங்கள் கண்ணும் பார்க்கும்.

இரண்டையும் சேர்த்து எப்படிப் படிப்பது? நேரமே இல்லையே.

ஒரு தசைக் குழுவுக்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். முதல் 15 நிமிடம் அட்லஸ்: பெயர்களை ஒட்டுத்தாளால் மூடிவிட்டு, தொடக்கத்திலிருந்து முடிவுவரை விரலால் தொடர்ந்து, எத்தனை மூட்டைக் கடக்கிறது என்று ஓரத்தில் ஓர் எண் எழுதுங்கள். இந்த எண்தான் இரண்டு புத்தகத்துக்கும் பாலம். ஒரே மூட்டைக் கடக்கும் தசை என்றால் நீளப் பிரச்சினை சிறிது. இரண்டோ அதற்கு மேலோ என்றால் அடுத்த மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

அடுத்த 10 நிமிடம் கையேடு: அன்றைக்குப் பொருந்தும் ஒரே ஒரு வரைபடம், புத்தகத்தை மூடி வைத்து வெள்ளைத்தாளில் வரையுங்கள். அச்சுகளின் பெயர் எழுத வரவில்லை என்றால் வரைபடம் இன்னும் புரியவில்லை என்று பொருள்.

மீதி நேரம் ஊகம். உதாரணமாக, தொடையின் முன்பக்கமுள்ள ரெக்டஸ் ஃபெமோரிஸ் இடுப்பையும் முழங்காலையும் கடக்கிறது. உட்கார்ந்து முழங்காலை நீட்டும்போது அது எந்த நிலையில் இருக்கும், மல்லாந்து படுத்து நீட்டும்போது எந்த நிலையில் இருக்கும் என்று முதலில் தாளில் எழுதுங்கள். பிறகு உங்கள் காலில் செய்து, தசையைத் தொட்டுப் பாருங்கள். உட்கார்ந்தால் இடுப்பு மடங்கி அது ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கும். வேலையில் பெரும்பங்கு மற்ற மூன்று தசைகளிடம் போகும். எழுதியது தப்பானால் எந்தப் புத்தகத்தின் பக்கத்தில் தவறினீர்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

இதயம், நுரையீரல், சிறுநீரகத்துக்கும் இதே முறையா?

இல்லை. அங்கே கையேடுதான் முன்னால் நிற்கும். படுத்திருந்தவரை எழுப்பி நிறுத்தும்போது ஏன் தலை சுற்றுகிறது என்பதற்கு அட்லஸில் இதயத்தின் எல்லா வால்வையும் மனப்பாடம் செய்தாலும் பதில் கிடைக்காது. ரத்தம் காலில் தேங்குகிறது, இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது, கழுத்துத் தமனியில் உள்ள உணர்விகள் அதைக் கவனித்துத் துடிப்பை ஏற்றுகின்றன. இந்தத் தொடரை வரிசை மாறாமல் சொல்வது கையேட்டின் வேலை.

விலக்கு ஒன்று உண்டு: நெஞ்சுக் கூடும் மூச்சுத் தசைகளும். உதரவிதானம் எந்த விலா எலும்பில் ஒட்டியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அட்லஸில் பார்க்காமல் மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுக்கப் போனால், நோயாளியின் வயிற்றில் எங்கே கை வைப்பது என்பதிலேயே தடுமாறுவீர்கள்.

கையேடு போதாது, பெரிய பாடப்புத்தகம் வேண்டும் என்று எப்போது தெரியும்?

கையேட்டின் ஒரு வரியில் 'இதனால்' என்ற சொல் வந்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை எப்படி இணைகின்றன என்று உங்களால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாதபோது. "கால்சியம் வெளிவருகிறது, இதனால் தசை சுருங்குகிறது" என்று இருக்கும். நடுவே டிரோபோனின், டிரோபோமயோசின், ஆக்டினில் மூடியிருந்த இடம் திறப்பது என்று மூன்று படிகள் காணாமல் போயிருக்கின்றன. அந்த இடத்துக்கு மட்டும் நூலகத்தில் பெரிய புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போன படிகளைக் கையேட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முழு அத்தியாயமும் படிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள் கிடைத்துவிடும்.